வேதாளத்தை மறுபடி முருங்கை மரம் ஏற்றுவது எப்படி? புதிதாக சிட்காம் எழுதுபவர்களுக்கு

சிட்காம் எழுத உட்காரும் புது ஆட்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: கதாபாத்திரத்தைத் திருத்திவிடுகிறார்கள். மகா கஞ்சன் ஒருவனை உருவாக்குகிறார்கள், முதல் எபிசோடு முழுக்க அவன் கஞ்சத்தனத்தை வைத்து நன்றாகவே சிரிக்க வைக்கிறார்கள், கடைசி இரண்டு நிமிடத்தில் அவன் மனம் மாறி யாருக்கோ பணம் கொடுத்துக் கண் கலங்குகிறான். குறும்படம் என்றால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இரண்டாவது எபிசோடுக்கு இப்போது கஞ்சன் இல்லையே, என்ன செய்வீர்கள்?

சிட்காமில் ஆள் திருந்தக் கூடாது. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் ஒவ்வொரு கதை முடிந்ததும் முருங்கை மரத்துக்குத் திரும்புகிற மாதிரி, இருபத்திரண்டு நிமிடக் கலாட்டாவுக்குப் பிறகு எல்லோரும் பழைய இடத்துக்கு, பழைய குணத்துக்கு, பழைய கடனுக்கு வந்து நின்றாக வேண்டும். இதைத்தான் ரீசெட் என்கிறார்கள். ஆனால் கதாபாத்திரம்தான் மறக்கிறதே தவிர பார்ப்பவர் மறப்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் ரன்னிங் ஜோக், எப்போதோ நடந்ததைத் தொட்டுக்காட்டும் கால்பேக் இரண்டுமே இந்த இடைவெளியில்தான் பிழைக்கின்றன. அதனால் ரீசெட்டைச் சரியாகக் கட்டத் தெரியாதவருக்கு கால்பேக்கும் வராது. அதே வரிசையில் பார்க்கலாம்.

முதலில், இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க சிட்காமில் பெரிய காசு முதல் ஒளிபரப்பில் வந்ததில்லை, மறு ஒளிபரப்பில்தான் வந்தது. ஏறத்தாழ நூறு எபிசோடு சேர்ந்தால் அதை உள்ளூர் நிலையங்களுக்கு விற்கலாம் என்பது அங்கே பழைய கணக்கு. அவர்கள் வாரத்துக்கு ஐந்து நாள் என்று தினமும் ஓட்டுவார்கள், அதுவும் எப்போதும் வரிசைப்படி ஓடும் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து டிவியைப் போடுபவர் முன்னால் மூன்றாம் சீசனின் எட்டாவது எபிசோடு வந்து நிற்கும், அதற்கு முந்தையதை அவர் பார்த்தே இருக்க மாட்டார். அவருக்கும் புரிய வேண்டும் என்றால் எந்த எபிசோடும் முந்தைய எபிசோடின் மேல் சாய்ந்து நிற்கக் கூடாது. வீடியோ ரெக்கார்டர் பரவாத காலத்தில் முதல் ஒளிபரப்புக்கே இது பொருந்தியது, ஒரு வாரம் கல்யாணத்துக்குப் போனவர் அடுத்த வாரம் திணறக் கூடாது.

இப்போது ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் வரிசையாகக் கிடைக்கிறது, பிறகு ரீசெட் எதற்கு என்று கேட்பார்கள். வியாபாரக் காரணம் தளர்ந்துவிட்டது, உண்மைதான். நகைச்சுவைக் காரணம் அப்படியே இருக்கிறது: இந்த ஆள் இதற்கு இப்படித்தான் செய்வான் என்று பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் அவன் கதவைத் திறக்கும்போதே சிரிப்பு கிளம்பும். ஆள் வாரா வாரம் மாறிக்கொண்டிருந்தால் அந்த முன்னறிவு சேரவே சேராது.

வீட்டு நிலையை ஒரு தாளில் எழுதுங்கள்

எபிசோடு முடிந்ததும் எல்லோரும் திரும்பி வந்து நிற்கும் இடத்துக்கு வீட்டு நிலை என்று பெயர் வைத்துக்கொள்வோம். கதை யோசிப்பதற்கு முன் இதை எழுத வேண்டும், அரைப் பக்கம் போதும். நீங்கள் எழுதப்போவது ஒரு கோர்ட் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை பற்றிய தொடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்குத் தான் படித்திருந்தால் வக்கீலாகியிருப்போம் என்று நினைப்பு, வருகிறவர்களுக்கெல்லாம் சட்ட ஆலோசனை சொல்வார். வேலைக்கு இருக்கும் பெண் அவரைவிட விவரமானவள், ஆனால் போட்டித் தேர்வு முடிவு வரும்வரை இந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை. தினமும் வரும் வக்கீல் ஒருவர் ஒரு நாளும் காசு கொடுத்ததில்லை, "நாளைக்குச் சேர்த்துக் கொடுத்துடறேன்" என்பார்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொருவருக்கும் ஒரு குறை இருக்கிறது, அங்கேயே கிடப்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. இரண்டாவதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் அவ்வளவு தொல்லை என்றால் அந்தப் பெண் ஏன் வேலையை விடவில்லை என்ற கேள்வி மூன்றாவது எபிசோடில் கட்டாயம் வரும், அதற்கான பதில் உங்கள் தாளில் இல்லை என்றால் ரீசெட் எல்லாமே ஏமாற்று வேலையாகத் தெரியும்.

தாளில் இன்னொரு கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்: எது ஒவ்வொரு எபிசோடும் திரும்பும், எது சீசன் முடிவில் மட்டும் நகரலாம், எது எப்போதும் நகரவே நகராது. குணம் நகராது. வேலை, காதல், வீடு போன்றவை சீசன் கடைசியில் நகரலாம், நகர்ந்த பிறகு அதுவே புது வீட்டு நிலை ஆகிவிடும். மற்றவை எல்லாம் அந்தந்த எபிசோடின் கடைசி நிமிடத்துக்குள் பழையபடி ஆக வேண்டும்.

திரும்பும் வழியை முதலில் எழுதுங்கள்

எபிசோடைக் கடைசியிலிருந்து யோசிப்பது நல்லது. கலாட்டாவைக் கிளப்புவது சுலபம், அதை அணைப்பதுதான் வேலை. திரும்பி வர மூன்று வழிகள் உண்டு, மூன்றும் சமமானவை இல்லை.

சிறந்த வழி, அந்த ஆளின் குறையே அவனைத் திருப்பி இழுத்து வருவது. சைன்ஃபெல்ட் தொடர் இதற்குப் பாடப்புத்தகம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் எழுத்து மேசையில் வைத்த விதி பிரபலமானது: கட்டிப்பிடிப்பதும் கிடையாது, பாடம் கற்பதும் கிடையாது. ஏழாம் சீசன் தொடக்கத்தில் நாயகன் ஜெரியின் நண்பன் ஜார்ஜ் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிடுகிறான், மணப்பெண் சூசன். சீசன் முழுக்க எப்படித் தப்பிப்பது என்று முழித்துக்கொண்டிருக்கிறான். 1996 மே மாதம் ஒளிபரப்பான கடைசி எபிசோடில் அழைப்பிதழ் வாங்கப் போகிறார்கள், ஜார்ஜ் தன் சுபாவப்படி இருப்பதிலேயே மலிவானதைத் தேர்ந்தெடுக்கிறான். அந்த உறைகளின் பசை நச்சுள்ளது. நூற்றுக்கணக்கான உறைகளை நாக்கால் நனைத்து ஒட்டிய சூசன் இறந்துபோகிறாள். ஆஸ்பத்திரியில் தகவல் வந்ததும் நண்பர்கள் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள், பிறகு காபி குடிக்கப் போய்விடுகிறார்கள்.

கொடூரம்தான், அன்றைக்கே பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கட்டுமானத்தைப் பாருங்கள். விபத்து வானத்திலிருந்து விழவில்லை, ஜார்ஜின் கஞ்சத்தனத்திலிருந்து வந்தது. அதே குறைதான் அவனைப் பழைய தனி ஆள் வாழ்க்கைக்குத் திருப்பி அனுப்புகிறது. ரீசெட்டும் கதையின் முடிவும் ஒரே செயலாகிவிட்டன.

இரண்டாவது வழி, வெளியிலிருந்து யாரோ வந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்குவது: மேலதிகாரி, போலீஸ், வீட்டுக்காரர். அவசரத்துக்கு உதவும், அடிக்கடி செய்தால் சோம்பேறித்தனம் வெளியே தெரியும். மூன்றாவது வழி ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வாரம் பழையபடி தொடங்குவது. சின்னச் சேதங்களுக்கு இது போதும். உடைந்த கண்ணாடிக் கதவு அடுத்த எபிசோடில் சரியாகி இருந்தால் யாரும் ரசீது கேட்கப்போவதில்லை.

எது சின்னச் சேதம், எது பெரியது என்பதில்தான் தப்பு நடக்கும். பொருள் உடைந்தால் பேசாமல் ஒட்டிவிடலாம். ஒருவரைப் பற்றி ஒரு உண்மை வெளிவந்துவிட்டால் அதைப் பேசாமல் மறைக்க முடியாது. 1997 செப்டம்பரில் தி சிம்ப்சன்ஸ் இந்தச் சோதனையில் இறங்கியது. பல வருடமாகப் பார்த்துப் பழகிய பள்ளி முதல்வர் ஸ்கின்னர் உண்மையில் ஸ்கின்னரே இல்லை, ஆர்மின் டாம்சேரியன் என்ற வேறொருவர், போரில் இறந்ததாக நினைத்த அதிகாரியின் பெயரைச் சுமந்து வாழ்ந்தவர் என்று ஒரு எபிசோடு சொன்னது. கடைசியில் ஊரே சேர்ந்து உண்மையான ஸ்கின்னரை ரயிலில் கட்டி அனுப்பிவிடுகிறது, நீதிபதி வந்து இனி எல்லாம் முன்பு போலவே இருக்கும், இதைப் பற்றி யாரும் பேசக் கூடாது, பேசினால் சித்திரவதை என்று தீர்ப்பு சொல்கிறார். சிட்காம் ரீசெட்டையே நக்கலடிக்கும் முடிவு அது. ஆனாலும் ரசிகர்கள் கோபப்பட்டார்கள், இன்றைக்கும் அந்த எபிசோடைத் திட்டுபவர்கள் உண்டு. என் கணிப்பில் காரணம், நீதிபதியால் ஊர்க்காரர்களின் வாயை மூட முடிந்தது, பார்ப்பவரின் நினைவை மூட முடியவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை, கொஞ்சம் கழித்து வருகிறேன்.

ஒரு மிச்சம் விட்டு வையுங்கள்

நல்ல ரீசெட் எல்லாவற்றையும் துடைப்பதில்லை, ஒரு சின்ன மிச்சத்தை விட்டுவிடும். சூசன் இறந்த பிறகு அடுத்த சீசனின் முதல் எபிசோடில் அவள் பெற்றோர் அவள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, ஜார்ஜையே அதன் குழுவில் உட்கார வைக்கிறார்கள். அவன் தனி ஆள்தான், வீட்டு நிலை அப்படியே இருக்கிறது, ஆனால் தப்பித்த கல்யாணம் கூட்டம் கூட்டமாக அவன் சாயங்காலங்களைத் தின்கிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு அது விருப்பமில்லாத இடத்தில் மாட்டிக்கொண்ட ஒரு ஆள், அவ்வளவுதான். பழைய ரசிகருக்கு அந்த உறையின் பசை நாக்கில் ஒட்டும்.

மிச்சம் என்பது ஒரு பொருளாகவோ ஓர் ஏற்பாடாகவோ இருப்பது வசதி, உணர்ச்சியாக இருந்தால் அதைச் சுமந்துகொண்டு அடுத்த எபிசோடை எழுத முடியாது. தி பிக் பேங் தியரியில் நண்பர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் வேலை செய்யாது, அதனால் எல்லோரும் படியேறிக்கொண்டே பேசுவார்கள். அது ஏன் உடைந்தது என்பது மூன்றாம் சீசனில்தான் தெரியவரும். 12 சீசன் அப்படியே கிடந்து, 2019 மே மாதம் கடைசி எபிசோடில் லிஃப்ட் கதவு திறந்து எதிர்வீட்டுப் பென்னி உள்ளேயிருந்து வெளியே வரும்போது பழைய ரசிகர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை வருடமும் எழுத்தாளர்கள் அதற்காகச் செலவழித்தது ஒரு மூடிய கதவும் குறுக்கே ஒட்டிய நாடாவும்தான்.

எனவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எபிசோடு எண், அதில் மிச்சமான பொருள் அல்லது வாக்குறுதி, அது கடைசியாக எப்போது திரையில் வந்தது, இந்த மூன்றையும் எழுதினால் போதும். நம் ஜெராக்ஸ் கடையில் வக்கீலின் கடன் கணக்கு எழுதியிருக்கும் நோட்டு அப்படிப்பட்ட பொருள். முதல் எபிசோடில் அது நாற்பது பக்க நோட்டு, ஆறாவதில் பைண்டு செய்த புத்தகம், யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம், மேசை மேல் இருந்தால் போதும்.

ரன்னிங் ஜோக்: பாதி அசையாமல், பாதி அசைந்து

ஒரே வசனத்தை எல்லா எபிசோடிலும் சொல்ல வைத்தால் ரன்னிங் ஜோக் ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் முதலில் சியர்ஸ் தொடரைப் பார்க்க வேண்டும். பாஸ்டனில் ஒரு மதுக்கடை, 1982 முதல் 1993 வரை 11 சீசன் ஓடியது. நார்ம் என்ற பருத்த மனிதர் கதவைத் திறந்து வருவார். கடையே ஒரே குரலில் "நார்ம்!" என்று கத்தும். அவர் தன் ஸ்டூலை நோக்கி நடக்கும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவர் எப்படி இருக்கிறாய், உலகம் உன்னை எப்படி நடத்துகிறது என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்பார். நார்ம் ஒரு பதில் சொல்வார். ஒரு தடவை சொன்ன பதில் ஏறத்தாழ இது: நாய் நாயைத் தின்கிற உலகம், நானோ நாய் பிஸ்கட்டில் செய்த ஜட்டியைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

கத்தல், நடை, கேள்வி, ஸ்டூல் எல்லாம் அசையாத பாதி. பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது. அசையாத பாதி பழைய ரசிகருக்கு, அவர் வீட்டில் உட்கார்ந்தே சேர்ந்து கத்தலாம். அசையும் பாதி எல்லோருக்கும். அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பவருக்கும் இந்த ஆள் இங்கே தினமும் வருபவர் என்பதும், அவர் பதிலில் இருக்கும் நகைச்சுவையும் உடனே பிடிபடும், முன்கதை எதுவும் வேண்டாம். அப்புறம் எழுத்தாளர்கள் அசையாத பாதியிலேயே நுணுக்கமாகக் கை வைத்தார்கள்: எல்லோரும் "நார்ம்" என்று கத்தி முடித்த பிறகு, படித்தவள் என்ற பெருமை கொண்ட டயான் மட்டும் தனியாக "நார்மன்" என்று முழுப் பெயரைச் சொல்வாள். அவள் குணம் ஒரு சொல்லில் வந்துவிடுகிறது.

நார்முக்கு வீரா என்று ஒரு மனைவி. அவளைப் பற்றி ஓயாமல் பேசுவார், நாம் முகத்தைப் பார்க்கவே மாட்டோம். 1986-இல் நன்றி நவிலும் நாள் எபிசோடில் ஒருவர் மேல் ஒருவர் சாப்பாட்டை எறிந்துகொள்ளும் சண்டை நடக்கிறது, அதன் முடிவில் வீரா ஒருவழியாக வாசலுக்கு வருகிறாள், வந்த கணமே யாருக்கோ எறிந்த பை என்கிற இனிப்பு அவள் முகம் முழுக்க அப்பிவிடுகிறது. கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கொடுக்காமல் இருந்த மாதிரியும் ஆயிற்று. ஜோக்கின் விதியை உடைக்காமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இடைவெளி பற்றி ஒன்று. சியர்ஸ் காலத்தில் ஒரு "நார்ம்!"க்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வாரம் இருந்தது. உங்கள் பார்வையாளர் ஒரே ராத்திரியில் ஐந்தாறு எபிசோடு பார்த்துவிடுவார், ஒரே வசனம் அரை மணிக்கு ஒரு தடவை காதில் விழும். எட்டு எபிசோடு எழுதுகிறீர்கள் என்றால் ஒரு ரன்னிங் ஜோக்கை நாலு இடத்தில் வையுங்கள். அவற்றில் ஒன்றில் அது வரும் என்று எதிர்பார்க்க வைத்து, வராமல் விடுங்கள்.

கையில் இருப்பு வைத்து விளையாடுவது: ஒரு அறையின் வரலாறு

ரன்னிங் ஜோக்குக்கு ஓர் எண்ணிக்கை வரம்பு வைத்தால் என்ன ஆகும் என்பதை டெட், ராபின், மார்ஷல், லிலி, பார்னி என்ற ஐந்து நண்பர்களின் கதையான ஹவ் ஐ மெட் யுவர் மதர் செய்து காட்டியது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் ஒரு ஜோக்கை எப்படி எட்டு வருடம் உயிரோடு வைப்பது என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது.

2006 நவம்பர், இரண்டாம் சீசன். ராபினின் ரகசியம் என்ன என்று மார்ஷலும் பார்னியும் பந்தயம் கட்டுகிறார்கள், தோற்றவர் கன்னத்தில் ஜெயித்தவர் அறையலாம். பார்னி தோற்கிறான். பந்தயத்துக்கு நடுவராக இருக்கும் லிலி அவனுக்கு இரண்டு தேர்வு கொடுக்கிறாள்: இப்போதே பத்து அறை, அல்லது ஐந்து அறை, ஆனால் எப்போது விழும் என்று தெரியாது, வாழ்நாள் முழுக்க எப்போது வேண்டுமானாலும் விழலாம். பார்னி ஐந்தைத் தேர்ந்தெடுக்கிறான். அந்த எபிசோடு முடிவதற்குள் முதல் அறை விழுந்துவிடுகிறது. மீதம் நான்கு.

இந்த ஏற்பாட்டில் ரீசெட்டுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பார்னி பழைய பார்னிதான், நட்பும் அப்படியே. கையில் நான்கு அறை மட்டும் மிச்சம். எழுத்தாளர் பல மாதம் அதைத் தொடாமல் இருக்கலாம், ரசிகர் மறக்க மாட்டார்.

அதே சீசனில் இரண்டாவது விழுந்தது, பார்னி மேடையேறி ஒரு நாடகத்தைப் போட்டு எல்லோரையும் அறுத்துக்கொண்டிருக்கும்போது. முதல் இரண்டும் திடீர் அறைகள். மூன்றாவதையும் அப்படியே வைத்திருந்தால் ஜோக் அங்கேயே செத்திருக்கும். 2007-இல் மூன்றாவதுக்கு மார்ஷல் தேதியை முன்கூட்டியே அறிவிக்கிறான், ஓடும் கடிகாரம் வைத்து எண்ணுகிறான், நாள் நெருங்க நெருங்க பார்னி நடுங்குகிறான். இப்போது சிரிப்பு அறையில் இல்லை, காத்திருப்பில். 2009-இல் நான்காவது. மார்ஷல் அறையும் உரிமையை டெட்டுக்கும் ராபினுக்கும் பரிசாகக் கொடுத்துவிடுகிறான், பார்னி நாற்காலியில் கட்டிப்போட்டபடி உட்கார்ந்திருக்க, யார் அறைவது என்று அவர்களுக்குள் சண்டை மூள்கிறது. சிரிப்பு இப்போது சொத்துத் தகராறில். 2011-இல் இருப்பு தீரப்போகிற நிலையில், வேறொரு பந்தயத்தில் தோற்று வாத்துப் படம் போட்ட டையோடு திரிந்த பார்னி, அதைக் கழற்ற அனுமதி கேட்டு இன்னும் மூன்று அறைக்கு ஒப்புக்கொள்கிறான். அறை நாணயம் ஆகிவிட்டது. மொத்தம் எட்டு.

ஏழாவதில் சறுக்கினார்கள். 2014 ஜனவரியில் ஒரு முழு எபிசோடை குங்ஃபூ படக் கற்பனையாக எடுத்து, தொடரின் நடிகர்களே ஆசியர் வேடம் போட்டு வந்தார்கள். ஆசியர்களைக் கேலி செய்கிறார்கள் என்று எதிர்ப்பு எழுந்து, தொடரை உருவாக்கியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அதை ஒதுக்கிவிட்டு எழுத்தை மட்டும் பார்த்தாலும் கோளாறு தெரிகிறது: ஓர் அறைக்கு ஒரு முழு எபிசோடு பாரம். கதை ஜோக்கைத் தாங்குவதற்குப் பதில் ஜோக் கதையைத் தாங்க வேண்டியதாயிற்று.

எட்டாவது, கடைசி அறை, அதே வருடம் மார்ச்சில், பார்னியின் கல்யாணத்துக்குச் சில நிமிடங்கள் முன்பு. மணமேடைக்குப் போகும் பயத்தில் அவன் பதறிக்கொண்டிருக்கிறான். மார்ஷல் ஓங்கி ஒன்று விடுகிறான், பார்னி தெளிந்து நிற்கிறான். தண்டனையாகத் தொடங்கியது நண்பன் செய்யும் உதவியாக முடிகிறது. புதிதாகப் பார்ப்பவருக்கும் அந்தக் காட்சி புரியும், பதறுகிறவனைக் கன்னத்தில் அறைந்து தெளிய வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எட்டு வருடம் எண்ணிக்கொண்டு வந்தவருக்குத்தான் இருப்பு தீர்ந்தது தெரியும்.

உங்கள் தொடருக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது: ஜோக்கைத் தொடங்கும்போதே அதற்கு ஒரு விதி, ஓர் அளவு வைத்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு முறையும் வேறு ஒரு பகுதியை மாற்றுங்கள், நேரத்தை, ஆளை, விலையை, கடைசியாக அர்த்தத்தை.

கால்பேக்: தொட்டுவிட்டு நகருங்கள்

ரன்னிங் ஜோக் அடிக்கடி வரும். கால்பேக் ஒருமுறைதான், வெகு காலம் கழித்து. இப்போது டாம்சேரியனுக்குத் திரும்புவோம்.

2004 ஜனவரியில் ஒரு சிம்ப்சன்ஸ் எபிசோடில் அந்த வீட்டுச் சிறுமி லிசாவின் பூனை ஸ்னோபால் 2 செத்துப்போகிறது. அடுத்து வளர்த்த பூனைகளும் வரிசையாகச் சாகின்றன. கடைசியாக வந்தது ஐந்தாவது ஸ்னோபால், பார்ப்பதற்கு இரண்டாவது மாதிரியே இருக்கிறது. புதுச் சாப்பாட்டுக் கிண்ணம் வாங்கும் செலவு எதற்கு, இதையும் ஸ்னோபால் 2 என்றே கூப்பிடலாம் என்கிறாள் லிசா. பக்கத்தில் நிற்கும் முதல்வர் ஸ்கின்னர், இது ஏமாற்று வேலை இல்லையா என்கிறார். லிசா அவரைப் பார்த்து, நீங்கள் சொல்வது சரிதான், "முதல்வர் டாம்சேரியன்" என்கிறாள். அவர் நான் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, ஸ்னோபால் 2, நீ திரும்பி வந்ததில் மகிழ்ச்சி என்று நழுவுகிறார்.

ஆறு வருடத்துக்கு மேல் கழித்து ஒரே ஒரு பெயர். விளக்கம் இல்லை, பழைய காட்சியை வெட்டி ஒட்டவில்லை. ரீசெட்டை ரீசெட்டாலேயே கிண்டல் செய்கிறார்கள், பூனைக்குச் செய்ததைத்தானே அன்றைக்கு ஊர் உங்களுக்கும் செய்தது என்கிறாள் அவள். முன்கதை தெரியாதவருக்கும் காட்சி உடையவில்லை, சிறுமி ஏதோ ரகசியத்தைச் சொல்லி ஆளை மடக்கிவிட்டாள் என்ற அளவில் அது நிற்கிறது. திட்டு வாங்கிய எபிசோடிலிருந்து வட்டியோடு வசூலித்துவிட்டார்கள்.

கால்பேக் எழுதும்போது இந்த இரண்டையும் பாருங்கள். முதலாவது, தெரியாதவருக்கும் அந்த வரி ஏதாவது ஒரு வேலை செய்கிறதா? செய்யவில்லை என்றால் அது அவர் முகத்தில் சாத்திய கதவு. இரண்டாவது, நினைவூட்டாமல் விடும் துணிவு. ஞாபகம் இருக்கிறதா, அன்றைக்கு நீ அப்படிச் சொன்னாயே என்று ஒரு கதாபாத்திரம் பேச ஆரம்பித்தால் ரசிகர் தானாகக் கண்டுபிடிக்கும் சுகத்தைப் பிடுங்கிவிட்டீர்கள். சைன்ஃபெல்ட் 1989-இல் தொடங்கியபோது முதல் காட்சியில் ஜெரி ஜார்ஜின் சட்டைப் பொத்தான் இருக்கும் இடத்தைக் குறை சொல்வான். 1998-இல் கடைசி எபிசோடில் சிறையில் உட்கார்ந்துகொண்டு அதையே திரும்பவும் சொல்கிறான், ஜார்ஜ் இதை நாம் ஏற்கெனவே பேசியிருக்கிறோமோ என்று மட்டும் கேட்கிறான். விளிம்பு வரை போன நினைவூட்டல் அது, அதற்கு மேல் ஒரு சொல் போயிருந்தாலும் கெட்டிருக்கும். ஒன்பது வருடத்தில் யாரும் ஒன்றும் கற்கவில்லை என்பதும் அதிலேயே வந்துவிட்டது.

எங்கே கெடும், எப்படிக் கண்டுபிடிப்பது

அடிக்கடி வரும் நோய், ஜோக் ஆளைத் தின்றுவிடுவது. சிம்ப்சன்ஸில் பக்கத்து வீட்டு ஃப்ளாண்டர்ஸ் தொடக்கத்தில் நல்ல அப்பா, உதவும் அண்டை வீட்டுக்காரர், கூடவே பக்திமான். பக்தி ஜோக்குக்குச் சிரிப்பு கிடைக்கக் கிடைக்க அதுவே பெருகி மற்றதெல்லாம் ஓரம் போயிற்று. இந்த நோய்க்கே ரசிகர்கள் அவர் பெயரால் ஃப்ளாண்டரைசேஷன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கண்டுபிடிக்கும் வழி: அந்தக் கதாபாத்திரத்தின் கடைசி பத்து வசனங்களை எடுத்து வையுங்கள், எத்தனையில் ஜோக்கைத் தவிர வேறு தேவை, ஆசை, பயம் ஏதாவது இருக்கிறது? இரண்டு மூன்றுகூட இல்லை என்றால் அடுத்த எபிசோடில் அவருக்கு அந்த ஜோக்கே வேண்டாம்.

இன்னொரு நோய், பழைய ரசிகர்களுக்காக மட்டும் எழுதுவது. அரெஸ்டட் டெவலப்மென்ட் இதன் உச்சம். பஸ்டர் என்பவன் இரண்டாம் சீசனில் ஒரு கையை இழப்பதற்கு முன்பே, அவன் உட்காரும் பெஞ்சில் இருக்கும் "ஆர்மி ஆஃபீசர்ஸ்" என்ற ராணுவ விளம்பரத்தை அவன் உடம்பு பாதி மறைத்து, "ஆர்ம் ஆஃப்", அதாவது கை போச்சு, என்ற எழுத்துகள் மட்டும் தெரியும். அபாரமான வேலை, எனக்கு மிகப் பிடித்த தொடர். ஆனால் நடுவில் வந்து சேர்ந்தவருக்கு அது கடினமான வீடு, ஃபாக்ஸ் சேனலில் பார்வையாளர் எண்ணிக்கை உயரவே இல்லை, 2006-இல் மூன்று சீசனோடு நிறுத்தினார்கள். டிவிடியிலும் பின்னால் ஸ்ட்ரீமிங்கிலும் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்தான் அதைக் கொண்டாடினார்கள். முதல் தொடர் எழுதும் உங்களுக்கு அந்தப் பொறுமையைத் தர எந்தத் தளமும் தயாராக இருக்காது என்பதை மனதில் வையுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. ஆறாவது எபிசோடை மட்டும், முந்தைய ஐந்தையும் பார்க்காத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள், படிக்கும்போது எங்கே நெற்றி சுருங்குகிறது என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அப்புறம் அதையே முதல் ஐந்தையும் படித்த ஒருவரிடம் கொடுத்து, எங்கே தனியாகச் சிரித்தார் என்று கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவர் கோடும் ஒரே வரியில் விழுந்திருந்தால் அந்த கால்பேக்கைத் திருத்தி எழுதுங்கள். இரண்டாமவர் தாளில் மட்டும் கோடு இருந்தால் அந்த வரியைத் தொடாதீர்கள். இரண்டு தாளிலும் கோடே இல்லை என்றால், நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் எபிசோடில் என்ன மிச்சம் விட்டீர்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் ஒன்றும் விட்டிருக்க மாட்டீர்கள்.